பழைய லிஸ்டிங்கைப் பருவத்துக்கேற்பத் திருத்துதல்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

மழைக்காலத்துக்கு முன்பாக, நான் பொறுப்பேற்றிருக்கும் இணையக் கடையின் பொருள் பக்கங்களைப் புதுப்பிப்பது என் வழக்கமான வேலை. "போன வருடத்துப் பக்கம் பழசாகத் தெரிகிறது, எல்லாவற்றையும் புதிதாக எழுதிவிடுங்கள்" என்ற கோரிக்கையும் தவறாமல் வரும். அந்தக் கோரிக்கையை அப்படியே நிறைவேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கம் தேடலில் முதல் சில இடங்களில் நிற்கிறது என்றால், அதிலுள்ள சில குறிப்பிட்ட வாசகங்களும், அதன் முகவரியும், அதற்கு வந்து சேர்ந்திருக்கும் இணைப்புகளும் சேர்ந்தே அதை அங்கே நிறுத்தியிருக்கின்றன. எந்த வாசகம் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது என்று தெரியாமல் முழுப் பக்கத்தையும் மாற்றி எழுதினால், எதை இழந்தோம் என்பதைக்கூடப் பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஆகவே முதலில் தகவல்கள், அடுத்து சான்றுகள், கடைசியாகச் சொற்கள் என்று மூன்று சுற்றுகளாகப் பிரித்து, இடைவெளி விட்டுத்தான் நான் மாற்றுகிறேன். அந்த மூன்றிலும் மிகக் குறைவாக மாற வேண்டியவை சொற்களே. சிறுவர் ரெயின்கோட் ஒன்றின் பக்கத்தை எடுத்துக்கொண்டு இதை விளக்குகிறேன்.

வேலை தொடங்குவது, ஒரு தளம் கூகுள் தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று அதன் உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில். அதன் செயல்திறன் அறிக்கையில் அந்த ஒரு பக்கத்தின் முகவரியை மட்டும் வடிகட்டி, சென்ற ஆண்டு இதே பருவத்தின் தேதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்ற மாதத்தோடு ஒப்பிடுவது பருவப் பொருளுக்கு உதவாது. வெயில் காலத்தில் ரெயின்கோட்டை யாரும் தேடுவதில்லை என்பதால், அப்போதைய எண்கள் பக்கத்தின் தரத்தைக் காட்டாது, வானிலையைத்தான் காட்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கிறது. எனவே சென்ற பருவம் இப்போது கைக்கு எட்டும், அதற்கு முந்தைய பருவம் எட்டாது. பருவம் முடிந்ததும் அந்தப் பட்டியலைப் பதிவிறக்கி வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது பெரும்பாலும் ஏதாவது ஒன்று எதிர்பாராததாக இருக்கும். இந்த ரெயின்கோட் பக்கத்தின் தலைப்பு "சிறுவர் ரெயின்கோட்" என்றுதான் இருந்தது. ஆனால் கிளிக்குகளில் கணிசமான பங்கு, "ஸ்கூல் பேக் மேல் போடும் ரெயின்கோட்" என்பது போன்ற தேடல்களிலிருந்து வந்திருந்தது. பக்கத்தில் அதற்குப் பதில் சொன்ன இடங்கள் இரண்டே. அளவு அட்டவணைக்குக் கீழே "முதுகில் பள்ளிப் பை இருந்தாலும் போடலாமா?" என்று ஒரு துணைத் தலைப்பு இருந்தது. அதன் கீழே, முதுகுப்புறத்தில் விரியும் மடிப்பு இருப்பதால் பையோடு சேர்த்து அணியலாம், ஆனால் ஓர் அளவு பெரியதாக வாங்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் இருந்தது. வடிவமைப்பைச் சுத்தமாக்க நினைக்கும் எவரும் முதலில் வெட்டக்கூடிய பகுதி அதுதான். பார்க்க அழகில்லை, கேள்வி பதிலாக இருக்கிறது, புகைப்படத்துக்கு இடமும் விடவில்லை. ஆனாலும் அந்தத் தேடல்களுக்கு அந்தப் பக்கத்தில் பதில் இருந்த ஒரே பகுதி அது.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் பக்கத்தின் முழு வாசகத்தையும் ஒரு கோப்பில் நகலெடுத்து, தேடல் பட்டியலில் மேலே இருக்கும் ஒவ்வொரு தேடலுக்கும் பக்கத்தில் எந்த இடம் பதில் சொல்கிறது என்று கண்டுபிடித்து அதை அடிக்கோடிடுகிறேன். தேடல் முடிவில் வரும் தலைப்பு, பக்கத்தின் மேலுள்ள பெரிய எழுத்துத் தலைப்பு, துணைத் தலைப்புகள், முதல் பத்தி, படங்களின் மாற்று உரை ஆகியவற்றில்தான் பெரும்பாலும் அது இருக்கும். அடிக்கோடிட்டவை உண்மைக்குப் புறம்பாகிவிட்டால் மட்டுமே கைவைக்க வேண்டியவை. மற்றவற்றை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த நகல் பிறகு திரும்பிப் போக வேண்டியிருந்தாலும் உதவும்.

அடுத்து ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். இந்த ஆண்டு விற்கப்போவது அதே பொருள்தானா? உற்பத்தியாளர் பொத்தானுக்குப் பதில் ஜிப் வைத்திருக்கலாம், நிறங்களை மாற்றியிருக்கலாம், துணியையே மாற்றியிருக்கலாம். இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. பழைய வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு இன்று வாங்குபவர் ஏமாறுவாரா? நிறம் மாறியதால் ஏமாற மாட்டார். பொத்தான் ஜிப்பானதால் பெரும்பாலும் ஏமாற மாட்டார், ஒரு குறிப்புப் போட்டுவிட்டால் போதும். ஆனால் பூச்சிட்ட பாலியெஸ்டர் துணி போய் மெல்லிய பிவிசி தாள் வந்திருந்தால், "மூன்று வருடமாக உழைக்கிறது" என்ற பழைய மதிப்புரை புதிய பொருளைப் பற்றிய பொய்யாகிவிடும். அப்போது புதிய பக்கம்தான் வேண்டும். பழைய பக்கத்தின் தரவரிசையைக் காப்பாற்றுவதற்காக அதற்குள் வேறு பொருளை நுழைப்பது நேர்மைக் குறைவு மட்டுமன்று, ஆபத்தும்கூட. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2023-இல், புதிய பொருள்களைப் பழைய பொருள்களின் மதிப்புரைகளோடும் நட்சத்திரங்களோடும் இணைத்துக் காட்டிய ஒரு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்து, 6,00,000 டாலர் செலுத்த வைத்தது. நம் எடுத்துக்காட்டில் துணி மாறவில்லை, பொத்தானும் நிறமும் மட்டுமே மாறியிருந்தன. எனவே அதே பக்கம் தொடர்ந்தது.

முதல் சுற்றில் தகவல்களை மட்டும் திருத்துகிறேன். அளவு அட்டவணை, எடை, மூடும் முறை, கிடைக்கும் நிறங்கள், அனுப்ப ஆகும் நாள்கள், திருப்பி அனுப்பும் விதி ஆகியவை இதில் அடங்கும். உற்பத்தியாளர் அனுப்பும் தாளை நம்பி அளவு அட்டவணையை மாற்றுவதைவிட, வந்த சரக்கில் ஒவ்வோர் அளவிலும் ஒன்றை எடுத்து, தரையில் விரித்து, கழுத்திலிருந்து விளிம்பு வரையிலான நீளத்தையும் மார்பு அகலத்தையும் நாமே அளந்துவிடுவது நல்லது. அளவு தவறி வாங்கியவர்தான் பொருளைத் திருப்பி அனுப்புகிறார், குறைந்த நட்சத்திரமும் தருகிறார்.

கண்ணுக்குத் தெரியாத தகவல்களும் உண்டு. தேடுபொறிகளுக்காகப் பக்கத்தின் நிரலில் எழுதப்படும் கட்டமைக்கப்பட்ட தரவு அப்படிப்பட்டது. சென்ற பருவத்தில் யாரோ எழுதிய ஒரு தேதி அங்கே அப்படியே உறைந்து கிடக்கும்.

```json
"offers": {
  "@type": "Offer",
  "availability": "https://schema.org/OutOfStock",
  "priceValidUntil": "2024-12-31"
}
```

இங்கே இரண்டு வரிகள் சிக்கலை உண்டாக்குகின்றன. சரக்கு வந்து, பக்கத்தில் "வாங்கு" பொத்தானும் வேலை செய்கிறது, ஆனால் நிரல் மட்டும் சரக்கு இல்லை என்கிறது. `priceValidUntil` என்பதில் உள்ள தேதி கடந்துவிட்டிருந்தால், தேடல் முடிவில் விலையும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் அந்தக் கூடுதல் வரி காட்டப்படாமல் போகலாம் என்று கூகுளின் ஆவணமே சொல்கிறது. தரவரிசை அதே இடத்தில் நின்றும் கிளிக்குகள் குறைந்திருந்தால் நான் முதலில் பார்க்கும் இடம் இது. விலைக்கு முடிவு தேதி எதுவும் இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடலாம், அது கட்டாயமில்லை. பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் விலையும், நிரலில் உள்ள விலையும், கூகுளின் பொருள் பட்டியல் சேவையான மெர்ச்சன்ட் சென்டருக்குப் போகும் பட்டியலில் உள்ள விலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் இதே நேரத்தில் சரிபார்க்க வேண்டும். அவை முரண்பட்டால் அங்கே பொருள் நிராகரிக்கப்படலாம்.

இரண்டாம் சுற்று சான்றுகளுக்கானது. பழைய பக்கத்தில் "100% வாட்டர்ப்ரூஃப்" என்று இருந்தது. ஏறக்குறைய எல்லாரும் எழுதும் வாசகம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு வாங்குபவர் எதையும் முடிவுசெய்ய முடியாது. உற்பத்தியாளரிடம் கேட்டதில், ஐஎஸ்ஓ 811 முறைப்படி செய்த சோதனை அறிக்கை ஒன்று கிடைத்தது. துணியின் ஒரு பக்கத்தில் நீரழுத்தத்தைச் சீராகக் கூட்டிக்கொண்டே போய், மறுபக்கத்தில் எந்த அழுத்தத்தில் நீர் கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. அந்தத் துணிக்கு முடிவு 3,000 மி.மீ. என்று வந்திருந்தது. இப்படிப்பட்ட அறிக்கையை வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அறிக்கையின் தேதியும் துணியின் பெயரும் இந்த ஆண்டுச் சரக்குக்குப் பொருந்த வேண்டும். இரண்டாவது, சோதிக்கப்பட்டது துணிதான், தையல் அன்று. ஊசி துளைத்த இடத்தில் உள்பக்கம் நாடா ஒட்டப்படவில்லையென்றால் துணி எவ்வளவு தாங்கினாலும் தோளில் ஈரம் இறங்கும். எனவே புதிய வாசகத்தில் "வாட்டர்ப்ரூஃப்" என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு (மக்கள் தேடும் சொல் அதுதான்), துணியின் சோதனை எண்ணையும், தையல்களின் உள்பக்கம் நாடா ஒட்டப்பட்டிருப்பதையும், ஜிப்பின் மேல் மூடும் பட்டி இருப்பதையும் அதன் அருகிலேயே எழுதினோம். தேடுபவர் பயன்படுத்தும் சொல் போகவில்லை, அதற்குப் பின்னால் ஆதாரம் வந்து சேர்ந்தது.

மதிப்புரைகளில் கைவைக்காமல் இருப்பதே நல்லது. பொத்தானைப் பற்றிக் குறைசொல்லும் பழைய மதிப்புரைகளை நீக்கச் சொல்லி ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. மதிப்புரைப் பகுதியின் தலையில், முந்தைய தயாரிப்பில் பொத்தான் இருந்தது, இந்தப் பருவம் முதல் ஜிப் வருகிறது என்று ஒரு வரி சேர்த்தோம். குறையைக் கேட்டுத் திருத்திய கடை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. மேலும், மதிப்புரைகளில் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சொற்களும் பக்கத்தின் உரையில் ஒரு பகுதிதான். "டியூஷனுக்கு சைக்கிளில் போகும்போது" என்று ஒரு தாய் எழுதிய வாக்கியம், நாம் யோசித்தே பார்க்காத தேடலுக்குப் பதிலாக அமையலாம்.

படங்களில் கொஞ்சம் நிதானம் தேவை. சர்ச் கன்சோலில் தேடல் வகையைப் படம் என்று மாற்றிப் பார்த்தால், படத் தேடலிலிருந்து இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று தெரியும். ஒன்றுமில்லை என்றால் எல்லாப் படங்களையும் மாற்றிக்கொள்ளலாம். கணிசமாக வருகிறார்கள் என்றால், முதன்மைப் படத்தின் கோப்பு முகவரியை மாற்றாமல் அதே முகவரியில் புதிய படத்தை வைப்பதே பாதுகாப்பு. கூகுள் பக்கங்களைவிடப் படக் கோப்புகளை அரிதாகவே திரும்பப் படிக்கிறது, முகவரி மாறினால் புதிய படம் பழைய இடத்தைப் பிடிக்க நீண்ட காலம் ஆகிறது. பள்ளிப் பையோடு அணிந்திருக்கும் பின்பக்கப் படம் ஒன்று பழைய பக்கத்தில் இல்லை. அதைப் புதிதாக எடுத்து, அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே வைத்தோம். என்னைக் கேட்டால், இந்தப் புதுப்பிப்பில் வாங்குபவருக்கு மிகவும் உதவியது அந்தப் படம்தான்.

மூன்றாம் சுற்றாகச் சொற்களுக்கு வரும்போது, உண்மையில் செய்ய வேண்டியது கொஞ்சமே மிஞ்சியிருக்கும். தலைப்பில் பழைய ஆண்டு இருந்தால் அதை எடுக்க வேண்டும். பக்கத்தின் பெரிய எழுத்துத் தலைப்பில் புதிய ஆண்டும் `<title>` பகுதியில் பழைய ஆண்டும் இருந்தால், கூகுள் தானே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்துத் தேடல் முடிவில் காட்டக்கூடும். அது நமக்குப் பிடித்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை. ரெயின்கோட் போன்ற பொருளுக்கு ஆண்டே தேவையில்லை என்பது என் கருத்து. "புதுமழைக் கொண்டாட்டம்" என்பது போன்ற பெயரைத் தலைப்பின் முதலில் வைக்க விளம்பரப் பிரிவினர் விரும்பினார்கள். அப்படி யாரும் தேடப்போவதில்லை. அதைப் படத்தின் மேலுள்ள பட்டையிலும் மின்னஞ்சலிலும் வைத்துக்கொண்டு, தலைப்பில் பொருளின் பெயரையே முதலில் நிறுத்தி, அதன் பின்னால் "பள்ளிப் பையோடு அணியலாம்" என்பதைச் சேர்த்தோம். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய விளக்கக் குறிப்பைத் தயக்கமின்றி மாற்றலாம். அது தரவரிசையைத் தீர்மானிப்பதில்லை, கிளிக்கை மட்டுமே பாதிக்கும். பருவத்தின் பேச்சு, புதிய நிறங்கள், விரைவாக அனுப்புவது எல்லாவற்றுக்கும் ஏற்ற இடம் அது.

தேதியை மட்டும் புதுப்பித்துப் பக்கத்தைப் புதிதுபோலக் காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. உள்ளடக்கம் பெரிதாக மாறாதபோது தேதியை மட்டும் மாற்றுவதை, தவிர்க்க வேண்டியவற்றுள் ஒன்றாகவே கூகுள் தன் வழிகாட்டுதலில் குறிப்பிடுகிறது. தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியலிடும் சைட்மேப்பில், பக்கம் கடைசியாக மாறிய நாளைச் சொல்லும் `lastmod` தேதியையும், அது தொடர்ந்து உண்மையாக இருந்தால் மட்டுமே பயன்படுத்திக்கொள்கிறது. எல்லாப் பக்கங்களுக்கும் தினமும் இன்றைய தேதியைப் போடும் மென்பொருள் அமைப்பு இருந்தால், அந்தக் குறிப்பு மதிப்பிழந்துவிடும்.

முகவரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: தொடாதீர்கள். ஏற்கெனவே முகவரிக்குள் ஆண்டு இருந்து, ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய பக்கம் திறக்கும் பழக்கம் இருந்தால் மட்டும், ஒரே ஒரு முறை, ஆண்டில்லாத நிலையான முகவரிக்கு, பழைய முகவரிக்கு வருபவரை நிரந்தரமாகத் திருப்பிவிடும் `301` ரீடைரக்ட் மூலம் மாற்றிவிட்டு, தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளையும் புதிய முகவரிக்குத் திருத்திவிட வேண்டும். அந்த ரீடைரக்டைக் குறைந்தது ஓராண்டாவது, முடிந்தால் அதற்கு மேலும் வைத்திருக்க வேண்டும். இதைப் பருவத்தின் நடுவில் செய்யக்கூடாது, தேடல் ஓய்ந்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டும்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சர்ச் கன்சோலின் யூஆர்எல் ஆய்வுக் கருவியில் முகவரியை இட்டு, மீண்டும் படிக்கும்படி கோரலாம். கோரியவுடன் நடக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, சில நாள்களும் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதே கருவியில் கூகுள் கடைசியாக எப்போது அந்தப் பக்கத்தைப் படித்தது என்ற தேதி இருக்கிறது. அந்தத் தேதி நம் மாற்றத்துக்குப் பிந்தையதாக ஆகும்வரை, எண்களில் தெரியும் ஏற்றத்தையோ இறக்கத்தையோ நம் மாற்றத்தின் கணக்கில் எழுத முடியாது. அடுத்த சுற்றையும் அதுவரை தொடங்குவதில்லை. மூன்று சுற்றுகளுக்கும் இப்படிக் காத்திருக்க வேண்டியிருப்பதால், மழை தொடங்கிய பின் இந்த வேலையை ஆரம்பித்துப் பயனில்லை. இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும்.

எண்கள் இறங்கும்போது, எது இறங்கியது என்பதைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எல்லாத் தேடல்களிலும் இம்ப்ரஷன், அதாவது தேடல் முடிவில் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை, குறைந்து, இடம் மட்டும் மாறாமல் இருந்தால், மக்கள் தேடுவதே குறைந்திருக்கிறது, மழை தள்ளிப்போயிருக்கலாம். இடமும் இம்ப்ரஷனும் அப்படியே இருந்து கிளிக் மட்டும் குறைந்தால், தலைப்பையோ விளக்கக் குறிப்பையோ, முன்பு காட்டப்பட்ட நட்சத்திர வரி காணாமல் போனதையோ சந்தேகிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு தேடலில் மட்டும் இடம் சரிந்திருந்தால், அடிக்கோடிட்ட நகலைத் திறந்து அந்தத் தேடலுக்குப் பதில் சொன்ன வாக்கியம் இப்போதும் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒரு வாக்கியத்தையோ துணைத் தலைப்பையோ மட்டும் திரும்ப வைத்தால் போதும், முழுப் பக்கத்தையும் பழைய நிலைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

இதில் பலரைப் பயமுறுத்தும் ஒரு எண் உண்டு. பக்கத்தின் மொத்தச் சராசரி இடம் 4-இலிருந்து 9 ஆகிவிட்டது என்று பதற்றத்தோடு செய்தி வரும். புதிய வாக்கியங்களைச் சேர்த்ததால், முன்பு தோன்றவே தோன்றாத தேடல்களில் பக்கம் இருபதாவது முப்பதாவது இடங்களில் புதிதாகத் தோன்றத் தொடங்கியிருக்கலாம். அவையும் சேர்ந்துதான் அந்தச் சராசரி. பழைய முக்கியத் தேடல்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்து, அவை தத்தம் இடத்தில் நின்றால், அந்த மொத்தச் சராசரியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

சொந்தத் தளம் இல்லாமல் பெரிய சந்தைத் தளங்களில் விற்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும். அங்கே முகவரியின் இடத்தில் லிஸ்டிங் எண் இருக்கிறது. இருக்கும் லிஸ்டிங்கைத் திருத்தினால் அந்த எண்ணும் விற்பனை வரலாறும் தொடரும். அதை முடித்துவிட்டு நகலெடுத்துப் புதிதாகப் போட்டால் அந்த வரலாறு அறுந்து, பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். "புதிது" என்ற அடையாளத்துக்காக அப்படிச் செய்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

பருவம் முடிந்து சரக்கு தீர்ந்ததும் பக்கத்தை நீக்கிவிடாமல், `availability` வரியை `OutOfStock` என்று மாற்றி, அடுத்த சரக்கு ஏறக்குறைய எப்போது வரும் என்பதையும், வந்ததும் அறிவிக்க மின்னஞ்சல் பதிவு செய்யும் கட்டத்தையும் அங்கே வைத்து, பக்கத்தைத் திறந்தே விடுகிறோம். அளவு அட்டவணையும் பள்ளிப் பை பற்றிய கேள்வியும் மதிப்புரைகளும் அப்படியே இருக்கும். அந்த வாரத்திலேயே பருவத்தின் தேடல் பட்டியலைப் பதிவிறக்கி, பக்கத்தின் வாசக நகலோடு ஒரே கோப்புறையில் வைத்துவிடுகிறேன்.